லென்சு கதிர்ப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: v, m கண்டுபிடிப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடம் ஆரம்பித்ததும் என் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் கதிர்ப் படங்கள்தான். கேள்வித்தாளை, நோட்டை, கரும்பலகையை போட்டோ எடுத்து அனுப்பி "மிஸ், இதுல v எவ்வளவு, m எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முடிந்தவரை ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம்: குவிலென்சு, குவியத் தொலைவு 12 செ.மீ. 4 செ.மீ உயரமுள்ள பொருள் லென்சிலிருந்து 20 செ.மீ தள்ளி இருக்கிறது. பிம்பத்தின் தொலைவு v-யும் உருப்பெருக்கம் m-உம் வேண்டும்.

மிஸ், போட்டோவைப் பாத்ததும் முதல்ல எதைத் தேடணும்?

லென்சு தடிமனான நடுப்பகுதி கொண்டதா, மெலிந்த நடுப்பகுதி கொண்டதா என்று பாருங்கள். முன்னது குவிலென்சு, பின்னது குழிலென்சு. சில கேள்வித்தாள்களில் லென்சை ஒரு செங்குத்துக் கோடாக மட்டும் போட்டு இரு முனையிலும் அம்பு வைத்திருப்பார்கள். அம்பு வெளிப்பக்கம் பார்த்தால் குவிலென்சு, உள்பக்கம் பார்த்தால் குழிலென்சு.

அப்புறம் O, F, 2F எங்கே என்று பாருங்கள். O என்பது ஒளியியல் மையம், லென்சும் முதன்மை அச்சும் வெட்டும் இடம். பொருளின் அம்பு F-க்கும் 2F-க்கும் நடுவில் நிற்கிறதா, 2F-ஐத் தாண்டியா, F-க்கு உள்ளேயா என்று கவனித்தாலே விடை எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். நம் கணக்கில் F 12-இல், 2F 24-இல், பொருள் 20-இல். அதாவது இரண்டுக்கும் நடுவில். அப்படியானால் பிம்பம் மறுபக்கம் 2F-க்கு அப்பால், தலைகீழாக, பெரிதாக விழ வேண்டும். கணக்குப் போட்டு v 24-ஐவிடக் குறைவாக வந்தால் எங்கேயோ தவறு என்று அப்போதே தெரியும்.

தூரத்தை எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கணும்? நான் F-ல இருந்து அளந்துட்டேன்

எல்லாமே O-இலிருந்துதான். பொருளின் தொலைவு u என்றால் O-இலிருந்து பொருளின் அடி வரை. பிம்பத்தின் தொலைவு v என்றால் O-இலிருந்து பிம்பத்தின் அடி வரை. லென்சின் வளைந்த விளிம்பிலிருந்தும் இல்லை, பொருளிலிருந்து பிம்பம் வரைக்கும் இல்லை. கதிர்கள் சந்திக்கும் புள்ளி பிம்பத்தின் உச்சி. அங்கிருந்து அச்சுக்கு நேராக ஒரு கோடு இறக்கினால் கிடைப்பதுதான் அடி. O-இலிருந்து உச்சி வரை சாய்வாக ஸ்கேலை வைத்து அளந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதில் விடை கொஞ்சம் கூடுதலாக வரும்.

F-இலிருந்து அளந்ததும் வீணில்லை, அதைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். பொருள் இருக்கும் பக்கத்து F-இலிருந்து பொருள் வரை 20 − 12 = 8. பிம்பம் இருக்கும் பக்கத்து F-இலிருந்து பிம்பம் வரை 30 − 12 = 18 (30 எப்படி வந்தது என்பது அடுத்த பதிலில்). 8 × 18 = 144, அதுவே 12 × 12. மெய் பிம்பம் விழும் எந்தக் குவிலென்சுப் படத்திலும் இந்த இரண்டு தூரங்களைப் பெருக்கினால் குவியத் தொலைவின் வர்க்கம் வர வேண்டும்.

மைனஸ் எங்க போடணும்னே புரியல. ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க

கார்டீசியன் குறியீட்டு மரபில் O-தான் பூஜ்ஜியம். ஒளி போகும் திசையில் அளந்தால் பிளஸ், ஒளிக்கு எதிர்த்திசையில் அளந்தால் மைனஸ். அச்சுக்கு மேலே உயரம் பிளஸ், கீழே மைனஸ். வழக்கமாகப் பொருளை இடப்பக்கம் வைத்து ஒளியை வலப்பக்கம் ஓட விடுகிறார்கள். அதனால் u = −20. குவிலென்சுக்கு f = +12.

லென்சு சமன்பாடு 1/f = 1/v − 1/u. நமக்கு வேண்டியது v என்பதால் முதலிலேயே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

```
1/v = 1/f + 1/u
1/v = 1/12 + 1/(−20)
1/v = 5/60 − 3/60 = 2/60
v = +30 செ.மீ
m = v/u = 30/(−20) = −1.5
h' = m × h = −1.5 × 4 = −6 செ.மீ
```

v பிளஸ் என்றால் பிம்பம் லென்சின் மறுபக்கம். 30 என்பது 24-ஐத் தாண்டிவிட்டது, முதல் பதிலில் எதிர்பார்த்தது போலவே. கடைசி வரியில் பலர் 2/60-ஐ அப்படியே v என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அது 1/v, தலைகீழாக்கினால்தான் v.

நான் 1/f = 1/v + 1/u போட்டேன், 7.5 வந்துச்சு. எங்க தப்பு?

நீங்கள் எழுதியது ஆடியின் சமன்பாடு. ஆடிக்கு 1/f = 1/v + 1/u, m = −v/u. லென்சுக்கு 1/f = 1/v − 1/u, m = v/u. இரண்டும் அடுத்தடுத்த பாடத்தில் வருவதால் குழம்புவது இயல்புதான். இங்கே அதில் u = −20 போட்டதால் 1/v = 1/12 + 1/20 = 8/60 ஆகி, 7.5 வந்திருக்கிறது.

இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. சில பழைய புத்தகங்களில் மெய்யான தூரமெல்லாம் பிளஸ் என்ற வேறு மரபு இருக்கும், அதில் லென்சுக்கும் 1/f = 1/v + 1/u என்றே எழுதுவார்கள், u-க்கு மைனஸ் கிடையாது. அந்த மரபும் சரியானதே. ஆனால் ஒரு மரபின் சமன்பாட்டில் இன்னொரு மரபின் குறியைப் போட்டால் விடை கெட்டுவிடும். உங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உருப்பெருக்கம் மைனஸ்ல வந்துருக்கு. பெருக்கம் எப்படி மைனஸ்ல இருக்கும்?

குறி ஒரு செய்தி, எண் இன்னொரு செய்தி. மைனஸ் என்றால் பிம்பம் தலைகீழ். 1.5 என்றால் பொருளைப்போல ஒன்றரை மடங்கு உயரம். எண் 1-ஐவிடக் குறைவாக இருந்தால் பிம்பம் சிறியது. அதற்கும் மைனஸுக்கும் சம்பந்தம் இல்லை. −1.5 என்பது "சிறிதாகிவிட்டது" என்று நினைத்து எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. உருப்பெருக்கத்துக்கு அலகும் கிடையாது, செ.மீ என்று சேர்க்காதீர்கள்.

படத்துல f = 12 செ.மீ மட்டும்தான் இருக்கு, மத்த எண்ணே இல்ல. போன்ல ஸ்கேல் வச்சு அளந்தா சரியா வருமா?

வரும், படம் அளவுப்படி வரையப்பட்டு, போட்டோ நேராக எடுக்கப்பட்டிருந்தால். திரையில் தெரியும் செ.மீ நிஜமான செ.மீ அல்ல, ஆனால் எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில்தான் சுருங்கியிருக்கும். அதனால் OF-ஐ ஒரு அளவுகோலாக எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் அதைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

ஒரு மாணவி அனுப்பிய படத்தைத் திரையில் அளந்தபோது OF 1.8 செ.மீ, O-இலிருந்து பொருள் 3.0 செ.மீ, O-இலிருந்து பிம்பம் 4.5 செ.மீ இருந்தது. 4.5 ÷ 1.8 = 2.5. ஆக v = 2.5 × 12 = 30 செ.மீ. 3.0 ÷ 1.8 = 1.67, அதை 12-ஆல் பெருக்கினால் 20. உருப்பெருக்கத்துக்கு f கூடத் தேவையில்லை, 4.5 ÷ 3.0 = 1.5 நேரடியாகவே கிடைத்துவிடும். பிம்பம் கீழே இருப்பதால் மைனஸை நாமே சேர்க்க வேண்டும். திரையில் மைனஸ் தூரம் என்று ஒன்றும் தெரியாது அல்லவா?

ஒரு எச்சரிக்கை. பாதி அளந்துவிட்டு நடுவில் விரலால் படத்தைப் பெரிதாக்கிவிடாதீர்கள். முதலில் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதிலேயே எல்லாவற்றையும் அளந்து முடியுங்கள்.

கட்டம் போட்ட தாள்ல இருக்கு. குறுக்கே ஒரு கட்டம் 4 செ.மீ, மேல ஒரு கட்டம் 1 செ.மீன்னு போட்ருக்கு. இப்படி வேற வேற அளவு இருந்தா கதிர்ப் படமே தப்பாகாதா?

ஆகாது. ஒரு படத்தைக் குறுக்கே மட்டும் அமுக்கினாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், சந்திக்கும் புள்ளி சந்திக்கும் புள்ளியாகவே இருக்கும். அச்சு நெடுகிலும் எல்லாத் தூரமும் ஒரே அளவில் சுருங்குவதால் u, v, f மூன்றுக்கும் உள்ள உறவு மாறாது. நிஜத்தில் உயரம் ரொம்பச் சிறியதாகவும் தூரம் பெரியதாகவும் இருப்பதால் இப்படி வரைவதுதான் வசதி.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உயரத்தை உயரத்தோடு வகுங்கள், தூரத்தைத் தூரத்தோடு வகுங்கள். நம் கணக்கை அந்தத் தாளில் போட்டால் F 3 கட்டம், பொருள் 5 கட்டம், பிம்பம் 7.5 கட்டம் தள்ளி இருக்கும். உயரங்கள் 4 கட்டமும் 6 கட்டமும். 7.5/5 = 1.5, 6/4 = 1.5. இரண்டும் ஒத்துப்போகிறது. ஆனால் உச்சியிலிருந்து உச்சிக்குச் சாய்கோட்டை அளந்தாலோ, கோணமானி வைத்துக் கோணம் அளந்தாலோ, அந்தத் தாளில் அவற்றுக்கு அர்த்தமே இல்லை.

கதிர் ரெண்டும் சேரவே மாட்டேங்குது, விரிஞ்சுக்கிட்டே போகுது. படம் தப்பா?

பொருள் F-க்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் சரி. லென்சைத் தாண்டிய கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் பொருள் இருக்கும் பக்கத்திலேயே அவை சந்திக்கும், அதுதான் மாய பிம்பம். போட்டோவில் புள்ளிக்கோடாக இருப்பவை இவைதான். மங்கலான போட்டோவில் புள்ளிக்கோடு முதலில் காணாமல் போய்விடும், அதனால் பிம்பமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நோட்டில் ஸ்கேல் வைத்து நீங்களே பின்னோக்கி நீட்டிப் பாருங்கள்.

அதே 12 செ.மீ லென்சுக்கு 8 செ.மீ தள்ளிப் பொருள் வைத்தால் 1/v = 1/12 − 1/8 = 2/24 − 3/24 = −1/24, v = −24. m = −24/−8 = +3. மைனஸை மைனஸால் வகுத்துப் பிளஸ் வந்தது, அதாவது நேரான பிம்பம், மும்மடங்கு. v-க்கு மைனஸ் வந்ததும் பதறி அழித்துவிட வேண்டாம், பிம்பம் பொருளின் பக்கத்திலேயே இருக்கிறது என்று அது சொல்கிறது.

குழிலென்சுக்கும் இதே ஃபார்முலாவா?

அதேதான். f-க்கு மட்டும் மைனஸ். கேள்வியில் "குவியத் தொலைவு 12 செ.மீ" என்று மைனஸ் இல்லாமல் கொடுத்திருந்தாலும், படத்தில் குழிலென்சு இருந்தால் நீங்கள் −12 போட வேண்டும். பொருள் 24 செ.மீ தள்ளி என்றால் 1/v = −1/12 − 1/24 = −3/24, v = −8, m = −8/−24 = 1/3. நிஜமான பொருளுக்குக் குழிலென்சு தனியாக எப்போதும் நேரான, சிறிய மாய பிம்பம்தான் தரும். வேறு எது வந்தாலும் குறியைத் திரும்பிப் பாருங்கள்.

பொருள் வலது பக்கம் இருக்கு மிஸ். அப்ப u பிளஸ்ஸா?

இல்லை. மரபு இடம் வலம் பார்ப்பதில்லை, ஒளி போகும் திசையைப் பார்க்கிறது. கதிர்களின் மேல் சின்ன அம்புக்குறி இருக்கும், அது இடப்பக்கம் நோக்கி இருந்தால் இடப்பக்கம்தான் பிளஸ். பொருள் ஒளி வரும் பக்கம் இருப்பதால் u அப்போதும் −20. குழப்பமாக இருந்தால் போட்டோவைப் போனில் இடவலமாகத் திருப்பிவிட்டுக் கணக்கைப் போடுங்கள், விடை மாறாது.

டீச்சர், பையன் கேள்வித்தாள் படத்தில் பிம்பம் பெரிதாக இருக்கிறது, கணக்கில் சிறிதாக வருகிறது. எதை நம்புவது?

எண் கொடுத்திருந்தால் எண்ணைத்தான். அந்தக் கேள்வியில் f = 12, பொருள் 30 செ.மீ தள்ளி. 1/v = 1/12 − 1/30 = 5/60 − 2/60 = 3/60, v = 20, m = −2/3. பொருள் 2F-ஐத் தாண்டி இருக்கிறது, பிம்பம் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். அச்சிட்ட படமோ வேறொரு கேள்விக்கு வரைந்தது போல, பொருளை F-க்கும் 2F-க்கும் நடுவில் காட்டுகிறது.

கேள்வித்தாள் படங்கள் பல நேரம் வெறும் மாதிரிதான். அளவுப்படி வரைந்ததா என்று அறிய ஒரு வழி, O-இலிருந்து 2F வரை உள்ள தூரம் OF-ஐப்போலச் சரியாக இருமடங்கா என்று அளப்பது. இல்லையென்றால் அந்தப் படத்தை அளந்து v சொல்லக் கூடாது. அதில் இருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரைபடத்தாளில் நீங்களே புதிதாக வரையுங்கள்.

(இந்தக் கணக்கில் 30-இல் வைத்தால் 20-இல் விழுகிறது, நம் முதல் கணக்கில் 20-இல் வைத்தால் 30-இல் விழுந்தது. ஒளியைத் திருப்பி அனுப்பினால் வந்த வழியே போகும் என்பதால் இப்படி இடம் மாறிக்கொள்கின்றன.)

போட்டோ எடுக்கும்போது வலது பக்கம் வெட்டுப்பட்டுடுச்சு. கதிர் சேர்ற இடமே தெரியல

எண்கள் தெரிந்தால் சமன்பாடு போதும். எண்ணும் இல்லாமல் வெட்டுப்பட்ட படம் மட்டும்தான் என்றால், இரண்டு கதிர்களுக்கும் இடையே உள்ள செங்குத்து இடைவெளியைப் பாருங்கள். பொருளின் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாக வந்த கதிர், லென்சில் 4 செ.மீ உயரத்தில் படுகிறது. O வழியாகப் போகும் கதிர் லென்சில் பூஜ்ஜிய உயரத்தில் இருக்கிறது. ஆக லென்சில் இடைவெளி 4.

லென்சைத் தாண்டி 15 செ.மீ-இல் பாருங்கள். F வழியாகப் போன கதிர் அச்சுக்குக் கீழே 1 செ.மீ, O வழியாகப் போன கதிர் கீழே 3 செ.மீ. இடைவெளி 2. 15 செ.மீ தூரத்தில் 4 பாதியாகி 2 ஆகிவிட்டது, இரண்டும் நேர்கோடுகள், அதனால் இன்னொரு 15 செ.மீ போனால் இடைவெளி பூஜ்ஜியம். அதாவது 30-இல் சந்திக்கும். போட்டோவில் லென்சைத் தாண்டி எந்த இடத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும் இப்படிக் கணக்கிடலாம்.

போட்டோ கொஞ்சம் சாய்வா எடுத்துட்டேன். கொஞ்சம்தானே, பரவாயில்லையா?

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். பரவாயில்லை என்று விட முடியாது. தாளை வட்டமாகச் சுழற்றி எடுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் போனைத் தாளுக்கு நேர் மேலே பிடிக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால், போனுக்குக் கிட்டே இருக்கும் பக்கம் பெரிதாகவும் தள்ளி இருக்கும் பக்கம் சிறிதாகவும் விழும். "எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்கும்" என்று மேலே சொன்னது உடைந்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். லென்சின் இரண்டு பக்கமும் F இருக்கிறது, இரண்டும் O-இலிருந்து சமதூரம். போட்டோவில் அளந்து பாருங்கள். நம் கணக்கின் படத்தைச் சாய்த்து எடுத்தால் இடப்பக்க OF 1.6 செ.மீ, வலப்பக்க OF 2.0 செ.மீ என்று வரலாம். அந்தப் போட்டோவில் பொருள் 2.5 செ.மீ தள்ளியும் பிம்பம் 6.15 செ.மீ தள்ளியும் இருக்கும். வலப்பக்க F-ஐ வைத்து அளந்தால் v = 6.15 ÷ 2.0 × 12, கிட்டத்தட்ட 37 செ.மீ. உண்மை விடை 30. உருப்பெருக்கம் 6.15 ÷ 2.5 = 2.46 என்று வரும், உண்மை 1.5. கண்ணுக்குப் படம் நன்றாகவே தெரியும், அதுதான் சிக்கல்.

ஆனா உயரத்தை அளந்தாலும் 2.46 வருது, தூரத்தை அளந்தாலும் 2.46 வருது. ரெண்டும் ஒண்ணா வந்தா சரிதானே?

ரொம்ப நல்ல கேள்வி, ஆனால் சரியில்லை. பொருளின் உச்சி, O, பிம்பத்தின் உச்சி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. சாய்ந்த போட்டோவிலும் நேர்கோடு நேர்கோடாகவே விழும். போனை இடவலமாக மட்டும் சாய்த்திருந்தால் பொருளின் அம்பும் பிம்பத்தின் அம்பும் போட்டோவிலும் இணையாகவே நிற்கும். ஆகவே O-இன் இரு பக்கமும் உள்ள இரண்டு முக்கோணங்கள் போட்டோவிலும் வடிவொத்தவையாக இருக்கும். உயர விகிதமும் தூர விகிதமும் சமமாக வந்தே தீரும், இரண்டும் சேர்ந்தே தவறாக இருந்தாலும்.

அதனால் h'/h = v/u என்ற சோதனை நீங்கள் எண்ணைத் தவறாகப் படித்ததையும் வகுத்தலில் செய்த பிழையையும் பிடிக்கும், போட்டோவின் சாய்வைப் பிடிக்காது. சாய்வைப் பிடிக்க முந்தைய பதிலில் சொன்ன இரண்டு F-களின் சோதனைதான்.

அந்தப் பக்கத்தை திரும்ப எடுக்க முடியாது, புத்தகம் என்கிட்ட இல்ல. சாய்ஞ்ச போட்டோவை வச்சே கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது, இரண்டு F-களும் போட்டோவில் தெரிந்தால். தூரங்களை விட்டுவிட்டு அவற்றின் தலைகீழ் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், இடப்பக்கத்துக்கு மைனஸ் போடுங்கள். வலப்பக்க F: 1/2.0 = 0.5. இடப்பக்க F: −1/1.6 = −0.625. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் −0.0625. சாய்வு இல்லாத படத்தில் இது பூஜ்ஜியமாக இருந்திருக்கும், ஆக இந்த −0.0625-தான் சாய்வு சேர்த்துவிட்ட கூடுதல். ஒரு சாய்வு அச்சில் உள்ள எல்லாப் புள்ளிகளின் தலைகீழ் எண்ணிலும் ஒரே அளவைச் சேர்க்கிறது, அதனால் எல்லாவற்றிலிருந்தும் இதைக் கழித்துவிடலாம்.

```
வலப்பக்க F :  0.5     + 0.0625 =  0.5625
பிம்பம்     :  1/6.15  + 0.0625 =  0.225
பொருள்     : −1/2.5   + 0.0625 = −0.3375

v = 12 × 0.5625/0.225  = 30 செ.மீ
u = −12 × 0.5625/0.3375 = −20 செ.மீ
```

இப்போது m = 30/(−20) = −1.5. இந்தத் திருத்தம் தட்டையான தாளுக்கு மட்டுமே பொருந்தும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு அருகே பக்கம் வளைந்திருந்தால் அச்சே வளைந்து விழும். திரையில் அச்சின் மேல் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்கள், அச்சு ஸ்கேலை விட்டு விலகினால் இந்தக் கணக்கு உதவாது, எண்களை மட்டும் படித்துச் சமன்பாட்டில் போடுங்கள்.

எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், ஆனா 30-க்கு பதிலா 29.2 வருது. மார்க் போயிடுமா?

கேள்வி "கதிர்ப் படத்திலிருந்து காண்க" என்று இருந்தால், அளந்து வந்ததை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் சமன்பாட்டின் விடையையும் காட்டுங்கள். பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கிறது, முக்கால் செ.மீ வித்தியாசம் வருவது சாதாரணம். 29.2-ஐ 30 என்று மாற்றி எழுதத் தேவையில்லை. எண் கொடுத்து "கணக்கிடுக" என்று இருந்தால் மட்டும் சமன்பாட்டின் 30-தான் விடை.

பொருள் F-க்கு மிக அருகில் இருக்கும்போது மட்டும் படத்தை நம்ப வேண்டாம். 12 செ.மீ லென்சுக்கு 13 செ.மீ-இல் பொருள் வைத்தால் v = 156. அரை செ.மீ நகர்த்தி 12.5-இல் வைத்தால் v = 300. வரையும்போது அரை மில்லிமீட்டர் தவறினால்கூடப் பிம்பம் எங்கேயோ போய்விடும், இரண்டு கதிர்களும் கிட்டத்தட்ட இணையாக ஓடுவதால் எங்கே வெட்டுகின்றன என்று கண்ணால் சொல்லவும் முடியாது. அப்படிப்பட்ட கேள்வி வந்தால் படத்தை மாதிரிக்கு வரைந்துவிட்டு, v-யும் m-உம் சமன்பாட்டிலிருந்தே எடுங்கள்.